கனமான பாத்திரம் புழங்கும் வீட்டுக்கு எந்த சிங்க்?

சமையலறைகளை வரைந்து, அளந்து, பொருத்திக் கொடுப்பது என் தொழில். சிங்க் பேச்சு வந்ததும் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "கீறல் விழாதது எது?" என்பதுதான். அதற்கு நேரான பதில் இருக்கிறது: கிரானைட் சிங்க். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு ஒரு வீட்டை அனுப்பிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. வார்ப்பிரும்பு வாணலியும் பெரிய குக்கரும் இருபது லிட்டர் பாத்திரமும் தினமும் இறங்குகிற சிங்கில், கீறல் இரண்டாம்பட்சமான விஷயம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, பாத்திரம் கை நழுவி விழும் நாளில் அந்தப் பொருள் எப்படிக் கெடுகிறது என்பதை.

கீறலைத் தாங்குவதற்குக் கடினம் வேண்டும். அடியைத் தாங்குவதற்கு வளைந்துகொடுக்கும் தன்மை வேண்டும். இந்த இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்து வருவது அரிது. சிங்குக்குப் பயன்படும் மூன்று பொருள்களில் இது தெளிவாகத் தெரியும். ஸ்டீல் சீக்கிரம் கீறும், அடி விழுந்தால் ஒடுங்கும், ஆனால் உடையாது. கிரானைட்டும் செராமிக்கும் எளிதில் கீறுவதில்லை, ஒடுங்குவதும் இல்லை. அவற்றின் பொறுமை தீர்ந்தால் சில்லு பெயரும், அல்லது விரிசல் விடும்.

அண்மையில் என் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு இந்தக் கேள்வி வந்தது. ஒன்பது பேர் உள்ள கூட்டுக் குடும்பம். இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும் பாத்திரம் ஒன்று, வார்ப்பிரும்பு வாணலி இரண்டு, பத்து லிட்டர் குக்கர் ஒன்று. எல்லாமே தினசரிப் புழக்கம். "ஏண்டி, நீ எதையும் சுத்தி வளைக்காம ஒரே ஒரு பேரச் சொல்லு" என்றாள். பெயரைச் சொல்லிவிட்டேன். எப்படி அந்தப் பெயருக்கு வந்தேன் என்பதை அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஒரு வாணலி விழுந்தால்

ஐந்து கிலோ வாணலி ஒன்று, முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சிங்கின் தரையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கின் விளிம்பில் வழுக்கிய பாத்திரம் ஏறக்குறைய அந்த உயரத்திலிருந்துதான் விழும். எடை, உயரம், புவியீர்ப்பு மூன்றையும் பெருக்கினால் சுமார் 15 ஜூல் ஆற்றல். இந்த ஆற்றல் எந்த சிங்கானாலும் ஒன்றுதான். அது எங்காவது போயாக வேண்டும். எவ்வளவு தூரத்தில் வாணலி நின்றுபோகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடியின் விசை அமையும்.

ஸ்டீல் தகடு அடி பட்ட இடத்தில் கீழே வளைந்து கொடுக்கும். மூன்று மில்லிமீட்டர் வளைந்து வாணலியை நிறுத்துகிறது என்று கொண்டால், சராசரி விசை சுமார் 5,000 நியூட்டன். ஐந்நூறு கிலோ எடை ஒரு கணம் அழுத்துவதற்குச் சமம். கல் போன்ற சிங்க் அவ்வளவு வளையாது. அதில் பத்தில் ஒரு பங்கு தூரத்திலேயே வாணலி நின்றுவிட்டால், விசை பத்து மடங்காகிறது. எண்கள் தோராயமானவை. விகிதம்தான் நமக்கு வேண்டியது. வளையாத பொருள், வளையாமல் இருப்பதற்கான விலையை அந்த ஒரு கணத்தில் கொடுக்கிறது.

வாணலி எந்தப் பக்கமாக விழுகிறது என்பதும் முக்கியம். அடிப்பாகம் முழுவதும் பதிய விழுந்தால் விசை பரவிவிடும், மூன்று பொருள்களும் பெரும்பாலும் பிழைக்கும். கைப்பிடியின் முனையோ விளிம்போ முதலில் பட்டால், அத்தனை விசையும் நகத்தின் அளவுள்ள இடத்தில் இறங்கும். நான் பார்த்த உடைந்த சிங்குகளில் அடி விழுந்த இடம் பெரும்பாலும் இரண்டுதான்: மேல் விளிம்பு, அல்லது இரண்டு தொட்டிகளுக்கு நடுவே உள்ள தடுப்பு. எவ்வளவு பக்குவமாகக் கையாண்டாலும் கனமான பாத்திரம் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் உரசுகிற இடங்கள் அவை. அதனால் கனமான புழக்கம் உள்ள வீட்டுக்கு, பொருள் எதுவாக இருந்தாலும், இரட்டைத் தொட்டி வேண்டாம் என்பேன். பெரிய ஒற்றைத் தொட்டியில் இடிக்கிற இடம் ஒன்று குறைகிறது. அகலமான பாத்திரம் சாயாமல் உள்ளே உட்காரவும் செய்கிறது.

ஸ்டீல்: தடிமனைக் கேளுங்கள்

சிங்குக்குப் பயன்படும் ஸ்டீல் மென்மையான நிலையில் உள்ள தகடு. அப்படி இருந்தால்தான் அதை அழுத்தித் தொட்டியாக்க முடியும். அதனால் அது கீறும். கத்தியால் மட்டும் அல்ல, பாத்திரத்தின் அடியில் ஒட்டிய மணல் துகளாலும் கீறும். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அது எந்த சிங்க் ஸ்டீலையும்விடக் கடினமானது. வார்ப்பிரும்பின் சொரசொரப்பான அடியும் அதே வேலையைச் செய்யும்.

இந்தக் கீறல் சிங்கைக் கெடுக்கிறதா? இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. கீறல் அதைக் கிழித்தாலும், காற்றும் ஈரமும் பட்டதும் அதே உலோகத்திலிருந்து படலம் மறுபடி உருவாகிவிடும். ஆகவே கீறல் வெறும் தோற்றக் குறை. அந்தக் குறை எவ்வளவு கண்ணை உறுத்தும் என்பது மேற்பூச்சு மெருகைப் பொறுத்தது. கண்ணாடி போல் பளபளக்கும் சிங்கில் முதல் கீறலே தூரத்திலிருந்து தெரியும். ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும் சாட்டின் மெருகில், புதுக் கீறல் பழைய கோடுகளோடு கலந்துவிடும். முதல் சில மாதங்கள் ஒவ்வொரு கீறலும் தனியாகத் தெரிந்து வருத்தும். பிறகு தரை முழுவதும் ஒரே சீரான மங்கல் படிந்து, புதியதும் பழையதும் பிரித்தறிய முடியாமல் ஆகிவிடும். குறுக்கே ஆழமாக விழுந்த கீறலைக்கூட, பச்சை நார் ஸ்கிரப்பரால் கோடுகளின் திசையிலேயே நீளமாகத் தேய்த்துக் குறைக்க முடியும். வட்டமாகத் தேய்த்தால் இன்னும் கெட்டுப்போகும்.

இந்தச் சலுகை நிறம் ஏற்றிய ஸ்டீல் சிங்குகளுக்குக் கிடையாது. கறுப்பு, தங்க நிறம், செம்பு நிறம் என்று வருகிற சிங்குகளில் நிறம் மிக மெல்லிய மேற்படலமாகவே இருக்கிறது. படலம் கடினமானதுதான், சாதாரணப் புழக்கத்தைத் தாங்கும். ஆனால் அடியில் இருப்பது அதே மென்மையான ஸ்டீல். கனமான பாத்திரம் அதை ஒடுக்கினாலோ, மணல் துகள் ஆழமாகக் கீறினாலோ, உள்ளே இருக்கும் வெள்ளி நிறம் தெரியும். தேய்த்து மறைக்க வழியில்லை. தேய்த்தால் சுற்றியுள்ள நிறமும் போகும். பாரமான புழக்கத்துக்கு இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இனி ஒடுக்கு. இதில் தரத்தைவிடத் தடிமன்தான் பேசும். சிங்க் விற்பவர்கள் தடிமனை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிப்பாகும். 16 கேஜ் என்றால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், 18 என்றால் ஏறக்குறைய 1.2, 22 என்றால் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கேஜ் எண்ணைச் சொல்பவரிடம் மில்லிமீட்டர் எவ்வளவு என்று கேட்பது நல்லது, ஏனென்றால் ஒரே எண்ணுக்கு ஆளுக்கு ஓர் அளவு சொல்லப்படுகிறது. 0.8 மில்லிமீட்டருக்கும் 1.2 மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் கடுகளவு என்று தோன்றும். ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஒன்றரை மடங்கு தடிமன் என்றால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல். நிரந்தரமாக ஒடுங்குவதற்குத் தேவைப்படும் விசை தோராயமாக இருமடிப் பெருக்கத்தில், அதாவது இரண்டேகால் மடங்காகிறது. மெல்லிய சிங்கில் ஒடுக்கு விழுந்திருக்கும் அதே அடியை, 1.2 மில்லிமீட்டர் தகடு வளைந்து மீண்டு வாங்கிக்கொள்ளும்.

தடிமனை ஏமாற்றுவது எளிது. விளிம்பைத் தடிமனாகத் தெரியும்படி மடித்து, தொட்டியை மெல்லிய தகட்டில் செய்வது வழக்கமாக நடக்கிற வேலை. வெளியிலிருந்து விளிம்பைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதிகப்படி நீர் வழிந்து போவதற்காகத் தொட்டியின் சுவரில் வெட்டிய துளை இருந்தால், அதன் விளிம்பில் வெர்னியர் கருவியை வைத்து அளக்கலாம். அது முடியாவிட்டால் எடை போட்டுப் பார்க்கலாம். தோழிக்காக நான் செய்தது அதுதான். தொட்டியின் உள் அளவு 60க்கு 45 சென்டிமீட்டர், ஆழம் 22. தரையின் பரப்பு 0.27 சதுர மீட்டர், நான்கு சுவர்களும் சேர்ந்து 0.46, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் விளிம்புக்கு 0.115. மொத்தம் ஏறக்குறைய 0.85 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டீல் தகடு சதுர மீட்டருக்கு எட்டுக் கிலோவுக்குச் சற்றே குறைவு. ஆக 0.8 மில்லிமீட்டர் என்றால் அந்த சிங்க் ஐந்தரைக் கிலோ இருக்க வேண்டும், 1.2 என்றால் எட்டுக் கிலோவுக்கு மேல். 1.2 என்று சொல்லி எங்களிடம் காட்டிய முதல் சிங்க், குழாய்ப் பொருத்துகளைக் கழித்தால் ஆறு கிலோகூட இல்லை. அடியில் ஒலியைக் குறைக்க ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டைகளின் எடையும் அந்த ஆறு கிலோவுக்குள்தான் அடக்கம். அதை அப்படியே வைத்துவிட்டு வந்தோம்.

சிங்க் செய்யும் முறையும் தடிமனைப் பாதிக்கும். ஒரே தகட்டை அச்சில் அழுத்தி ஆழமாக இழுத்துச் செய்யும் தொட்டியில், தகடு நீளும்போது மெலிகிறது. சொல்லப்படும் தடிமன் இழுப்பதற்கு முந்தையது. தகட்டை வெட்டி மடித்து மூலைகளைப் பற்றவைத்துச் செய்யும் தொட்டியில் தரை முழுவதும் ஒரே தடிமன் நிலைக்கும். பாரமான புழக்கத்துக்கு இந்த இரண்டாவது வகை மேல். ஆனால் மூலைகள் மிகக் கூராக இருந்தால் அழுக்கு சேர்ந்து தேய்க்கச் சிரமம், ஆகவே சற்று வளைவு விட்ட மூலையாகப் பார்க்க வேண்டும்.

தரத்தைப் பற்றி ஒன்று. 304 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்தது. 202 போன்ற 200 வரிசை ஸ்டீலில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். ஒடுக்கைத் தாங்குவதில் 200 வரிசை மோசமில்லை. உப்பும் ஈரமும் நீண்ட நேரம் நின்றால் பழுப்புப் புள்ளிகள் அதில் சீக்கிரம் வரும், அங்கேதான் 304 மேலாகிறது. காந்தத்தை ஒட்டிப் பார்த்து 304ஐ உறுதி செய்யலாம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது பாதி சரி. 304, 202 இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத வகையைச் சேர்ந்தவை, ஆகவே காந்தம் இவற்றைப் பிரித்துக் காட்டாது. போதாததற்கு, அச்சில் இழுக்கப்பட்ட மூலைகளில் அசல் 304கூடக் கொஞ்சம் காந்தத்தை இழுக்கும், ஏனென்றால் குளிர்ந்த நிலையில் வளைக்கும்போது அதன் உள்ளமைப்பு ஓரளவு மாறுகிறது. நல்ல பொருளை மூலையில் சோதித்துவிட்டுப் போலி என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வரிசைகளையும் மாங்கனீசை வைத்துப் பிரிக்கும் சொட்டு மருந்துச் சோதனை இருக்கிறது, விற்பவர் முன்னாலேயே கேட்டுச் செய்யலாம்.

ஸ்டீல் சிங்கில் துரு என்று பலர் காட்டுவது சிங்கின் துரு இல்லை. இரும்பு நாரின் துணுக்கோ, ஈர வார்ப்பிரும்பு வாணலி இரவெல்லாம் உட்கார்ந்த தடமோ அங்கே துருப்பிடித்திருக்கும். வந்த புதிதில் தேய்த்தால் போய்விடும். அப்படியே விட்டால் அதன் அடியில் சிங்கும் குழிவிழத் தொடங்கலாம். இரும்பு நாரை மட்டும் அந்த சிங்கின் பக்கமே கொண்டுவராமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குளோரின் கலந்த வெளுப்பானைத் தேங்கவிடுவதும் ஆகாது, அது அந்தப் பாதுகாப்புப் படலத்தையே துளைக்கிறது.

ஒடுக்கு விழுந்தே விட்டால் என்ன செய்யலாம்? அகலமான, ஆழமில்லாத ஒடுக்கானால் மேலே மரக்கட்டையை வைத்துத் தாங்கிக்கொண்டு, அடியிலிருந்து ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால் பெருமளவு எழும்பும். கூரான முனை குத்திய ஒடுக்கில் உலோகம் நீண்டுபோயிருக்கும், அது பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. இருந்தும் அந்த சிங்க் தண்ணீரைப் பிடிக்கும், வேலை செய்யும். எனக்கு ஸ்டீல் பிடித்திருப்பதற்கு இதுவே முதல் காரணம். அது அழகை இழந்தபிறகும் வேலையை விடுவதில்லை.

கிரானைட்: கீறலுக்கு மன்னன், விளிம்பில் பலவீனம்

கிரானைட் சிங்க் என்பது மலையில் வெட்டிய கல் இல்லை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குவார்ட்ஸ் மணலையும் ஒரு பங்கு பிசினையும், நல்ல தயாரிப்புகளில் அக்ரிலிக் பிசினையும், கலந்து அச்சில் வார்த்துச் செய்வது. குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சமையலறைக் கத்திகள் பொதுவாக 6க்கு முன்பின். அதனால் பாத்திரம் இதைக் கீறுவதில்லை, இதுதான் பாத்திரத்தைத் தேய்க்கிறது. வெளிர் நிற சிங்கில் ஸ்டீல் அல்லது அலுமினியப் பாத்திரத்தை இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். வாங்கிய வாரத்திலேயே, கீறிவிட்டது என்று பதறுவார்கள். அது பாத்திரத்திலிருந்து உதிர்ந்த உலோகம். நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கினால் படிவு, பள்ளத்தில் சிக்கினால் கீறல். படிவை மென்மையான தேய்ப்புக் குழம்பு எடுத்துவிடும்.

அடர் நிற சிங்கில் இந்தக் கோடு தெரியாது. அங்கே வேறு தொல்லை: உப்பு நீர் காய்ந்த வெள்ளைப் படலம். நிறம் வெளுத்துவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது சுண்ணாம்புப் படிவுதான், நீர்த்த வினிகரில் கரையும். கரைந்தபிறகும் வெண்மை போகாவிட்டால் மேற்பரப்பின் பிசின் தேய்ந்திருக்கிறது, அதற்கு மாற்று இல்லை.

மலிவான வகைகளில் குவார்ட்ஸுக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலப்பதும் உண்டு. அதன் கடினத்தன்மை 3தான், ஸ்டீல் சாவி எளிதாகக் கீறும். நிற மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சாவியால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். துண்டின் மேல் உலோகத் தடம் விழுந்தால் நல்லது. வெள்ளைத் தூள் உதிர்ந்து பள்ளம் விழுந்தால், "கீறல் விழாது" என்ற பேச்சுக்கு அங்கே அடிப்படையே இல்லை.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் தோழிக்குச் சொல்லவில்லை? விளிம்பு. நடுத்தரைக்கு நல்ல தாங்குசக்தி உண்டு, வாணலி பதிய விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மேல் விளிம்பிலோ கழிவுத்துளையின் ஓரத்திலோ வார்ப்பிரும்பின் முனை பட்டால் சில்லு பெயரும். அதே நிறத்தில் எப்பாக்சி பிசின் வாங்கி அடைக்கலாம், கண்ணுக்கு ஓரளவு மறையும், ஆனால் ஒட்டு ஒட்டுதான். அதைவிட மோசம் விரிசல். அது ஒரே நாளில் உடைந்து வராது. முதலில் மயிரிழை போன்ற கோடு, பெரும்பாலும் கழிவுத்துளையிலிருந்து கிளம்பும். தேய்த்தால் போகாது, அழுக்கு உள்ளே இறங்கி நாளுக்கு நாள் கறுக்கும். விரல் முட்டியால் தட்டினால் மற்ற இடத்தில் வரும் ஓசைக்கும் அங்கே வரும் ஓசைக்கும் வேறுபாடு கேட்கும். அடியில் உலர்ந்த காகிதத்தை ஒட்டி வைத்துத் தொட்டியை நிரப்பி ஓரிரவு விட்டால், விரிசல் அடிவரை போய்விட்டதா என்பதைக் காகிதம் சொல்லிவிடும். போயிருந்தால் சிங்கை மாற்ற வேண்டியதுதான். இந்த விரிசல்களில் சில, பாத்திரம் விழுந்ததால் வருபவையே அல்ல. கழிவுக்குழாயின் திருகை மிகையாக முறுக்கியவரின் கைவேலை அவை. கையால் முறுக்கி, அதற்குமேல் சிறிதளவு மட்டும் கருவியால் இறுக்கினால் போதும்.

வெப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். அக்ரிலிக் பிசின் நூறு டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்கும் வகை. குவார்ட்ஸ் நிறைந்திருப்பதால் சிறிது நேரச் சூட்டைத் தாங்கும், கொதிநீரை ஊற்றுவது பிரச்சினை இல்லை. காலியாக அடுப்பில் காய்ந்த வார்ப்பிரும்பு வாணலியை நேரே வைப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அதன் சூடு முந்நூறு டிகிரியையும் தாண்டும், தேக்கி வைத்த சூடு சீக்கிரம் ஆறவும் ஆறாது.

மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாத்திரம் அபூர்வமாகத்தான் வரும், பாத்திரச் சத்தம் பிடிக்காது, கீறல் கண்ணை உறுத்தும் என்பவர்களுக்கு நான் மனமார இதைத்தான் சொல்வேன். இருபது லிட்டர் பாத்திரத்தை ஒருவர் மட்டும் தூக்கி இறக்கும் வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

செராமிக்

செராமிக் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. களிமண் உடலின் மேல் கண்ணாடிப் பூச்சை 1,200 டிகிரிக்கு அருகே சுட்டு ஒன்றாக்கியது இது. கண்ணாடிப் பூச்சு கறைக்கும் அமிலத்துக்கும் அசைந்துகொடுக்காது, அதில் மற்ற இரண்டும் இதனருகே வர முடியாது. பாத்திரங்கள் இதிலும் சாம்பல் கோடுகளை விடும், அவையும் உலோகப் படிவுதான். ஆனால் கண்ணாடிப் பூச்சு குவார்ட்ஸ் அளவுக்குக் கடினமானதல்ல. மணல் கலந்த தேய்ப்புத் தூளால் வருடக்கணக்கில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் பெருகும், பளபளப்பு மங்கும், அதன்பின் உலோகக் கோடுகள் இன்னும் எளிதாகப் பிடிக்கும், இன்னும் சிரமப்பட்டுப் போகும். தேய்க்கத் தேய்க்க மோசமாகும் சுழல் இது. செராமிக்குக் குழம்பு வகைத் தேய்ப்பான் போதும், தூள் கூடாது.

கனமான பாத்திரம் என்று வந்தால் செராமிக் தோற்கும் இடம் அந்தப் பூச்சுதான். அடி பட்டால் பூச்சு சிப்பி போல் பெயர்ந்து, உள்ளே இருக்கும் களிமண் உடல் வெளியே தெரியும். சுட்ட களிமண் உடல் நீரை உறிஞ்சும் வகையானால் அந்த இடம் நிரந்தரமாகக் கறைபிடிக்கும். மேலே பூசும் ஒட்டு, சூளையில் உருகிய பூச்சுக்கு ஈடாகாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: வளையாத தரையில் விழுகிற கண்ணாடிக் குவளையும் பீங்கான் தட்டும் தப்பிப்பது அரிது. ஸ்டீல் சிங்கில் கைநழுவிப் பிழைத்த எத்தனையோ குவளைகள் இங்கே சுக்குநூறாகும். போதாததற்கு, பெரிய செராமிக் சிங்க் நாற்பது ஐம்பது கிலோ வரை வரும், அடியில் உள்ள அலமாரி அதைச் சுமக்கும்படி கட்டப்பட்டிருக்க வேண்டும். பூப்போன்ற கண்ணாடிப் பாத்திரங்களும் லேசான சட்டிகளும் மட்டும் உள்ள அமைதியான சமையலறையில் அழகாக இருக்கும். பாரமான புழக்கத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதே.

இரும்பின் மேல் எனாமல் பூசிய சிங்கைச் சிலர் செராமிக் என்றே அழைக்கிறார்கள். வேறு பொருள் அது. அதில் சில்லு பெயர்ந்தால் வெளிவருவது இரும்பு, அதனால் துரு தொடங்கும். எது என்று தெரியாவிட்டால் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். இங்கே அது பொய் சொல்லாது.

தோழியின் சமையலறையில் செய்தது

304 ஸ்டீல், 1.2 மில்லிமீட்டர், சாட்டின் மெருகு, மடித்துப் பற்றவைத்த பெரிய ஒற்றைத் தொட்டி. எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். ஆனால் சிங்கைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடியவில்லை. 60க்கு 45க்கு 22 சென்டிமீட்டர் தொட்டி நிரம்பினால் அறுபது லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், அதாவது ஏறக்குறைய அறுபது கிலோ. அதற்குமேல் பாத்திரத்தை இறக்கும்போது கொடுக்கும் அதிர்ச்சி. மேடைக்கல்லின் அடியில் சிலிக்கான் பசையால் மட்டும் ஒட்டிய சிங்க் இந்தப் பாரத்தை நாள்தோறும் தாங்காது. பசை ஒரு மூலையில் விட்டு, கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே கோடு போல் இடைவெளி தெரியத் தொடங்கும், அதில் தண்ணீர் இறங்கி அலமாரி ஊறும். அதனால் தொட்டியின் இரு பக்கமும் சுவரோடு பொருத்திய இரும்புக் கோணச் சட்டங்கள் விளிம்பைத் தாங்கும்படி வைத்தோம். பசை தண்ணீரை அடைப்பதற்கு மட்டும். மேடைமேல் விளிம்பு உட்காரும் வகை சிங்கானால் இந்தக் கவலை குறைவு, பாரம் நேரே கல்லில் இறங்கிவிடும்.

தொட்டியின் தரையில் ஸ்டீல் கம்பித் தட்டு ஒன்றைப் போட்டோம். கால்களில் ரப்பர் குமிழ் உள்ளது. அடியை அது பல புள்ளிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும், பாத்திரம் தரையில் உராய்வதையும் தடுக்கும். அந்தக் குமிழ்கள்தான் இதன் உயிர். ஒன்று கழன்று விழுந்தாலும் அந்தக் கம்பிமுனையே சிங்கைக் குத்திக் கீறும், ஒவ்வொரு முறை கழுவும்போதும் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தட்டைத் தினமும் எடுத்து அடியைக் காயவிட வேண்டும். தரை முழுவதையும் மூடும் ரப்பர் விரிப்பை நான் போடவிடவில்லை, ஏனென்றால் அதன் அடியில் ஈரமும் உப்பும் தேங்கி, கீறலைவிட மோசமான புள்ளிகளை உண்டாக்கும்.

வேலை முடிந்த வாரத்தில் அவள் அழைத்தாள். "கொதிநீரை ஊத்தினா டொக்குனு ஒரு சத்தம் வருதுடி, உடைஞ்சு கிடைஞ்சு போச்சா?" என்றாள். தகடு திடீரென்று சூடாகி விரியும்போது, தட்டையான தரை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உந்தும் சத்தம் அது. ஆறியதும் திரும்பி வந்துவிடும். மெல்லிய சிங்கில் இன்னும் பலமாகக் கேட்கும். குழாயைத் திறந்து குளிர்ந்த நீரை ஓடவிட்டபடியே கொதிநீரை ஊற்றச் சொன்னேன், சத்தம் அடங்கிவிட்டது.